கிலோ கணக்கா, கண்மதிப்பா: தீபாவளிக்கு முன் கிடா விற்கும்போது

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டில் ஐந்து நாட்டுக் கிடா நிற்கிறது. ஒரு வியாபாரி கொட்டகைக்கே வந்து பார்த்துவிட்டு ஐந்துக்கும் சேர்த்து 46,000 தருகிறேன், இப்போது 5,000 அச்சாரம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். இன்னொருவர் உயிர் எடை கிலோவுக்கு 400 போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எதற்குக் கொடுத்தால் லாபம்?

பதில்:

நீங்கள் இன்னும் ஆடுகளை எடை போடவில்லை என்று நினைக்கிறேன். போட்டிருந்தால் இந்தக் கேள்வியிலேயே எடையையும் எழுதியிருப்பீர்கள். எடை தெரியாதவரை 46,000 நல்ல விலையா கெட்ட விலையா என்று யாராலும் சொல்ல முடியாது. வியாபாரிக்கு மட்டும் தெரியும். அவர் கொட்டகைக்குள் வந்ததும் முதுகைத் தடவினாரே, இடுப்பில் கை வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாரே, அதுதான் அவருடைய தராசு. வாரத்துக்கு நாற்பது ஐம்பது ஆடு தூக்கிப் பார்க்கிற கைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தப்பு வராது. நாம் வருஷத்துக்கு ஐந்து விற்கிறோம். நம் கண்ணை நம்பி அவரோடு கண்மதிப்புக்குப் போனால் அவர்தான் ஜெயிப்பார்.

அதனால் எந்த வழியில் விற்றாலும் சரி, எடை போட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு கிராமத்தில் நெல் பிடிக்கிறவர் யாரிடமாவது இருக்கும். சாக்கை விரித்து, ஆட்டின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நாலு முனையையும் சேர்த்துக் கட்டித் தூக்குங்கள். சாக்கையும் கயிற்றையும் தனியாக நிறுத்துக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் நிற்கிற எடை மிஷின் போதும். ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, வெறும் ஆளாக ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தையல்கார டேப் இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பு முனைவரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு இப்படிப் போட்டால் கிலோவில் வரும்:

மார்புச் சுற்று × மார்புச் சுற்று × நீளம் ÷ 660

சுற்று 26, நீளம் 24 என்றால் இருபத்துநாலரை கிலோ வரும். டேப் கணக்கு இரண்டு கிலோ முன்னே பின்னே தப்பலாம். பேரம் பேச அது போதும், கிலோ கணக்கில் காசு வாங்கப் போதாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஆட்டுக்கு ஒரே நாளில் இரண்டு எடை உண்டு. சாயங்காலம் மேய்ந்துவிட்டு வந்து தண்ணீரும் குடித்த ஆடு ஒரு எடை. இரவெல்லாம் அசைபோட்டு, புழுக்கை போட்டு, மூத்திரம் பெய்து, காலையில் வெறும் வயிற்றோடு எழுந்து நிற்கிற அதே ஆடு வேறு எடை. இரண்டுக்கும் நடுவில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது வரை வித்தியாசம் வரும். பெரிய கிடாவுக்கு அது இரண்டு கிலோ.

உங்கள் ஆடுகளை நான் பார்க்கவில்லை. நம் பக்கத்து நாட்டுக் கிடாக்கள் இருக்கிற மாதிரி ஐந்து எடை வைத்துப் பார்ப்போம். சாயங்காலம் நிறுத்தால் 30.5, 25.5, 23, 21.5, 16.5. கூட்டினால் 117 கிலோ. மறுநாள் காலை ஆறு மணிக்கு, இலை காட்டுவதற்கு முன்னால் நிறுத்தால் 28.5, 24, 21.5, 20, 15. கூட்டினால் 109 கிலோ. எட்டு கிலோ ராத்திரியோடு போய்விட்டது.

கிலோ 400க்குக் கேட்டவர் சாயங்காலம் வந்து நிறுத்தால் உங்களுக்கு 46,800. காலையில் வந்து நிறுத்தால் 43,600. மொத்தமாகக் கேட்டவர் சொன்ன 46,000 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பாருங்கள். சாயங்காலத் தராசுக்கு எதிரே வைத்தால் கிலோக்காரர் நல்லவர், காலைத் தராசுக்கு எதிரே வைத்தால் மொத்த விலைக்காரர் நல்லவர். "எது லாபம்" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் நிறுக்கிற நேரத்தில் இருக்கிறது. கிலோக்காரரிடம் விலையைக் கேட்ட நீங்கள் எத்தனை மணிக்கு நிறுப்பீர்கள், வயிற்றுக்குக் கழிவு உண்டா என்று கேட்டீர்களா? சிலர் எந்த நேரத்திலும் நிறுத்துவிட்டு உருப்படிக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கழிப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துவிட்டு அதற்கு மேலும் கழிவு கேட்டால் அது அநியாயம், ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் நிறுத்துக் கழிவு கேட்டால் அதில் ஞாயம் இருக்கிறது.

ஏன் ஞாயம் என்றால், அவர் வாங்குவது கறியை. நாட்டு வெள்ளாட்டில் வெறும் வயிற்று எடையில் நூற்றுக்கு 42 முதல் 48 வரைதான் கறியாகத் தொங்கும். மீதி தலை, கால், தோல், குடல், ரத்தம், வயிற்றுச் சாணி. சராசரியாக 46 என்று வைத்தால் 109 கிலோவில் ஏறக்குறைய 50 கிலோ கறி. சாயங்காலம் 117 கிலோ இருந்தபோதும் அதே 50 கிலோதான். கூடுதலாக இருந்த எட்டு கிலோவும் புல்லும் தண்ணீரும். அதற்கு 400 வீதம் கொடுக்க எந்தக் கறிக்கடைக்காரரும் விரும்பமாட்டார்.

தீபாவளிக்கு உங்கள் ஊர்க் கடையில் கறி கிலோ 900 விற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோவுக்கு 45,000. தலை, கால், குடல் எல்லாம் சேர்த்து ஆட்டுக்கு 800 என்றால் இன்னொரு 4,000. தோல் ஒரு காலத்தில் கணக்கில் வந்தது, இப்போது அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆக உங்கள் ஐந்து ஆடும் கடையில் 49,000 ஆகின்றன. இதற்குள் வியாபாரி லாபம், வண்டி வாடகை, வெட்டுக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 46,000 என்று சொன்னவர் உங்களை ஏமாற்ற வரவில்லை. அவரிடமிருந்து இன்னும் ஆயிரம் பிடுங்கலாம். ஐயாயிரம் பிடுங்க முடியாது. ஆட்டுக்காரர்கள் பலர் மனசில் ஒரு விலையை நினைத்துக்கொண்டு அதற்குக் கீழே கேட்டவனையெல்லாம் திட்டி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் கடையில் கறி விலையைக் கேட்டு, அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் காலை எடைக்குக் கிடைக்க வேண்டிய கிலோ விலை வந்துவிடும். 900க்கு அது 410, 415 சுமார்.

42க்கும் 48க்கும் நடுவில் உங்கள் ஆடு எங்கே நிற்கிறது என்பதைக் கையால் தெரிந்துகொள்ளலாம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத்தண்டின் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்து அழுத்துங்கள். எலும்பு முனை கூர்மையாக விரலில் குத்தினால் அந்த ஆட்டில் கறி குறைவு, கிலோ கணக்கில் விற்பதுதான் உங்களுக்கு நல்லது, ஏனென்றால் தராசுக்கு எலும்பும் கறியும் ஒன்று. எலும்பு முனை தெரியாமல் சதை உருண்டு வழுவழுப்பாக இருந்தால், காயடித்த கிடா பெரும்பாலும் அப்படி இருக்கும், அதைக் கிலோ கணக்கில் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. அந்த ஆட்டுக்கு மொத்த விலை பேச வேண்டும், வியாபாரி கையும் அதைச் சொல்லும்.

மொத்த விலையில் இன்னொரு இடம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. அவர் இன்றைக்கு விலை பேசி, மூன்று வாரம் கழித்து ஏற்றுவேன் என்கிறார். இடையில் ஆடு உங்கள் கொட்டகையில் உங்கள் இலையைத் தின்று வளரும். நாட்டுக் கிடா நாளைக்கு 50 கிராம் ஏறினால்கூட இருபது நாளில் ஆட்டுக்கு ஒரு கிலோ, ஐந்துக்கும் ஐந்து கிலோ. 109 இருந்தது 114 ஆகிவிடும். 46,000த்தை 114ஆல் வகுத்தால் கிலோவுக்கு 403 ரூபாய்தான் விழுகிறது. இன்றைக்கே ஏற்றியிருந்தால் 422 விழுந்திருக்கும். ஏற்றுகிற அன்று காலையில் நிறுத்து 400 கொடுப்பவரிடம் போனால் 45,600 வரும். ஆக முன்னே தெரிந்த வித்தியாசமெல்லாம் கரைந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

ஆனால் இரண்டிலும் ஆபத்து ஒன்றாக இல்லை. அச்சாரம் வாங்கின ஆடு இடையில் செத்தால் யார் கணக்கு? நம் பக்கத்து வழக்கப்படி ஏற்றும்வரை ஆடு விற்பவர் பொறுப்பு. செத்தால் அச்சாரத்தில் அந்த ஆட்டுக்கு உண்டானதைத் திருப்பித் தரவேண்டியிருக்கும். வளர்ந்தால் அவருக்கு, செத்தால் உங்களுக்கு. இது வறண்ட காட்டில் நடந்தால் பரவாயில்லை. டெல்டாவில் ஐப்பசி என்பது அடைமழை. வயலெல்லாம் சம்பா நிற்கிறது, ஆட்டை வரப்பில்கூட விடமுடியாது, கட்டிப்போட்டு வேலி ஓரத்துக் கல்யாண முருங்கையும் கிளுவையும் ஒடித்துப் போடுகிறோம். கொட்டகைத் தரை ஈரம், குளம்பில் புண், மழையில் நனைந்த குட்டிக்குச் சளி, கழிச்சல். ஆட்டுக்கொல்லி ஊரில் நுழைந்தால் கேட்கவே வேண்டாம். தடுப்பூசி போடாத ஆட்டை இந்த மூன்று வாரம் கூலி வாங்காமல் சும்மா வைத்திருப்பதா?

அதனால் அவரிடம் இரண்டு விலையாகப் பேசுங்கள். "இன்னைக்கே ஏத்துறதுன்னா நாப்பத்தாறு. தீபாவளிக்கு ஏத்துறதுன்னா நாப்பத்தெட்டு, இடையில செத்தா ஆளுக்குப் பாதி. எது வேணும்ணே?" அவருக்கு இடமில்லை, தீனி இல்லை, அதனால்தான் உங்கள் கொட்டகையைக் கிடங்காக வைக்கப் பார்க்கிறார். கிடங்குக்கு வாடகை உண்டு என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், தொழில் தெரிந்தவர் சிரிப்பார். பேசினதைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆட்டு அடையாளத்தோடு இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுகிற அன்று மழையில் நின்றுகொண்டு "நான் அப்படிச் சொல்லலையே" என்று கேட்பது கொடுமை.

இந்த நேரத்தில் அவர்கள் ஏன் தேடி வருகிறார்கள் என்பதும் விலையில் சேரும். புரட்டாசியில் கறி தின்கிறவர்கள் குறைவு, கடையில் ஓட்டம் இல்லை, ஆட்டு விலை தணிந்திருக்கும். அப்போதே சேர்த்துவைத்துத் தீபாவளிக்குத் தள்ளுவதுதான் வியாபாரம். 2024ல் தீபாவளி அக்டோபர் 31, புரட்டாசி முடிந்து இரண்டு வாரம் இடைவெளி இருந்தது. விலை ஏற நேரம் இருந்தது, பொறுத்தவர்களுக்கு வழி இருந்தது. 2025ல் அக்டோபர் 20, புரட்டாசி முடிந்த கையோடு தீபாவளி. அந்த மாதிரி வருஷத்தில் வியாபாரி புரட்டாசிக்குள்ளேயே ஆடு பிடித்தாக வேண்டும், விற்கிறவர் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளலாம். உங்கள் நாட்காட்டியில் இந்த இடைவெளி எத்தனை நாள் என்று எண்ணிவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.

கடைசி இரண்டு நாளில் சந்தைக்கு ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சமயபுரம் சந்தைக்கு மன்னார்குடியிலிருந்து ஐந்து ஆட்டைக் குட்டியானையில் ஏற்றிப்போனால் வாடகை, சுங்கம், தரகு, போகிற வழியில் குறைகிற எடை எல்லாம் சேர்ந்து, கிலோவுக்கு இருபது முப்பது கூடக் கிடைத்தாலும் அதைத் தின்றுவிடும். விற்காமல் திரும்பினால் இரட்டை வாடகை. ஐம்பது ஆடு வைத்திருப்பவருக்கு அது சரி.

இப்போது அந்த 28.5 கிலோ கிடாவைப் பற்றி. மொத்த விலை பேசும்போது பெரிய கிடாவும் நோஞ்சான் குட்டியும் ஒரே விலைக்குள் போய்விடுகின்றன. வியாபாரி நோஞ்சானைக் காட்டி விலையைக் குறைப்பார், பெரியதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். வாய் திறக்காத ஆட்டைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தனியாகப் பிரித்துக் கட்டுங்கள். ஊனமில்லாத, கொம்பு நேரான, பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்த கிடாவுக்குக் கறிக்கடைக்கு வெளியே வேறு சந்தை இருக்கிறது. கருப்புக் கிடா என்றால் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் நிறத்துக்கே காசு கொடுப்பார்கள். பக்ரீத்துக்கு என்றால் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் பக்கத்திலிருந்து வீடு தேடி வருவார்கள். அவர்கள் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், கண் தெரிகிறதா, நொண்டுகிறதா, காது அறுபட்டிருக்கிறதா, கொம்பு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயதுக் கணக்கு அவர்கள் பின்பற்றுகிற மார்க்கச் சட்ட மரபான மத்ஹபுக்கு மத்ஹப் மாறும், வாங்குபவரையே கேட்டுக்கொள்ளுங்கள். காயடித்தது குறையாகாது. இந்த இரண்டு கூட்டத்திடமும் கிலோ விலை பேசுவது மடத்தனம். உயரத்துக்கும் உருவத்துக்கும் கொம்புக்கும் தராசில் இடமில்லை. அங்கே மொத்த விலைதான். கிலோ விலைப்படி என்ன வரும் என்பது உங்கள் மனசுக்குள் இருக்க வேண்டிய அடிமட்டக் கணக்கு, அவ்வளவுதான்.

ஆனால் பக்ரீத் வரை வைத்திருக்க முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள். அது வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2024ல் ஜூன் 17, 2025ல் ஜூன் 7. இப்போதைக்கு அது உளுந்து, பயறு எடுத்து வயல் காலியாகி, மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முந்தின மேய்ச்சல் காலத்தை ஒட்டி விழுகிறது. ஆடு அப்போதுதான் தேறி நிற்கும், அது நமக்கு அனுகூலம். ஆனால் அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை மழையையும், பயறு முளைத்திருக்கிற தை, மாசியில் கட்டிப்போட்டுத் தீனி போடுவதையும் தாண்ட வேண்டும். ஒரு கிடாவை அப்படித் தாண்ட வைக்கலாம். ஐந்தையும் தாண்ட வைப்பது ஆள் பலம் உள்ள வீட்டில்தான் நடக்கும்.

15 கிலோ குட்டியை இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள் என்பேன். எலும்பும் வயிறும் அதிகம், கறி ஆறரை கிலோகூட வராது, கிலோக்காரர் அதற்கு மட்டும் விலை குறைத்துக் கேட்பார். பொங்கல்வரை ஓட்டினால் மூன்று நாலு கிலோ ஏறி, கரிநாளுக்குப் போகும். குடற்புழு மருந்து மட்டும் மறக்காமல் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தராசு வியாபாரி கொண்டுவருவதாக இருந்தால், ஆட்டைத் தூக்குவதற்கு முன் எடை தெரிந்த ஒரு பொருளை அதில் மாட்டுங்கள். பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டை நல்லது. பல வருஷத்துக்கு முன் ஒருவரிடம் நாலு கிடா கொடுத்தேன். கணக்கு எங்கோ உதைக்கிறதே என்று கடைசி ஆடு ஏறின பிறகு மூட்டையை மாட்டினால் இருபத்துமூன்றரை காட்டியது. அவர் முகத்தில் ஆச்சரியம் தாங்கவில்லை. "பேட்டரி போயிடுச்சு தம்பி" என்றார். பேட்டரி ஒரு நாளும் நமக்குச் சாதகமாகப் போவதில்லை.

மற்றொன்று நம் பக்கத் தப்பு. சாயங்கால எடைக்கு ஆசைப்பட்டு உப்புத் தண்ணீர் காட்டுவது, நெல்லையும் சோற்றையும் வேண்டிய மட்டும் கொட்டுவது. வியாபாரி இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கைவைத்தாலே தெரிந்துகொள்வார். பள்ளம் தூர்ந்து, அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கும். அப்போது இரண்டு கிலோ கழிக்க வேண்டியவர் மூன்று கழிப்பார். அதைவிடப் பெரிய ஆபத்து, பழக்கமில்லாத ஆடு நெல்லையும் சோற்றையும் அளவுக்கு மீறித் தின்றால் வயிறு புளித்து, உப்பி, மறுநாள் விடிவதற்குள் கால் நீட்டிவிடும். விற்கிற ஆட்டுக்குக் கடைசி ஒரு வாரம் வழக்கமான இலையைத் தவிரப் புதிதாக எதையும் காட்டாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாளைக் காலை ஆறு மணிக்கு ஐந்தையும் நிறுத்துச் சுவரில் கரியால் எழுதிவிடுவேன். பெரிய கிடாவையும் குட்டியையும் பிரித்துவிட்டு, நடுவில் இருக்கிற மூன்றை மட்டும் பேரத்துக்கு வைப்பேன். என் எடுத்துக்காட்டில் அவை 65.5 கிலோ. மொத்த விலைக்காரரிடம் 28,000 கேட்டு, இன்றைக்கே ஏற்றினால் 27,200 வரை இறங்குவேன். அதற்கு வராவிட்டால் கிலோக்காரரைக் கூப்பிட்டு 410 கேட்பேன். காலை எடை, கழிவு கிடையாது, தராசு என்னுடையது, பணம் ஆடு வண்டியில் ஏறுமுன் கையில். அவர் 400ஐ விட்டு அசையாவிட்டால் 26,200 வரும். அதற்கும் கொடுத்துவிடுவேன், மழைக்கு முன்னால் மூன்று வாய் குறைகிறதே.